51 வயதில் வேலை போகிறது, கையில் சேமிப்பு குறைவு: மீதிப் பத்து வருஷத்துக்கு என்ன திட்டம்?

"வயது 51. கோவையில் ஒரு ஆட்டோ உதிரிபாக கம்பெனியில் 2001-லிருந்து வேலை, இப்போது குவாலிட்டி சூப்பர்வைசர். டிப்ளமோ மெக்கானிக்கல். சம்பளம் 38,000, அதில் பேசிக்கும் டி.ஏ.வும் சேர்த்து 20,000. மூன்று மாதத்தில் யூனிட்டை மூடப் போகிறார்கள். வீட்டுக்காகவும் அப்பா வைத்தியத்துக்காகவும் எடுத்தது போக பி.எஃப்.பில் 6.2 லட்சம் இருக்கிறது. சின்னதாகச் சொந்த வீடு, நகைக்கடன் 1.2 லட்சம். மாதச் செலவு 34,000. மனைவி வீட்டிலேயே தையல், மாதம் 5,000 வரும். மகன் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம், மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ. சகலை, பி.எஃப். பணத்தை எடுத்து டீக்கடை பிராஞ்சைஸ் போடலாம் என்கிறார். இன்னும் பத்து வருஷம்தான் உடம்பு ஒத்துழைக்கும். நடக்கிற மாதிரி ஒரு திட்டம் சொல்லுங்கள்."

பத்து வருஷத்தையும் ஒரே துண்டாகப் பார்த்தால் பயம்தான் வரும். உங்கள் கணக்கில் அது மூன்று துண்டு. 51 முதல் 54 வரை இருப்பது கரையாமல் வீட்டை ஓட்டும் காலம். 54 முதல் 58 வரை நிஜமாகச் சேர்க்கும் காலம். 58-க்கு மேல் ஓய்வூதியமும் அரை வேலையுமாகப் போகும் காலம். முதல் மூன்று வருஷத்தில் சேமிக்க முடியவில்லையே என்று தவிக்க வேண்டாம். அப்போது செய்யவேண்டியதெல்லாம் பி.எஃப். பணத்தைத் தொடாமல் இருப்பதும், மறுபடி பி.எஃப். பிடிக்கும் ஒரு வேலையில் உட்காருவதும்தான். ஏன் இந்த இரண்டு மட்டும் என்பதற்கு உங்கள் எண்களையே போட்டுக் காட்டுகிறேன்.

6.2 லட்சம் அப்படியே கிடந்தால், வட்டி 8 சதவீதம் என்று வைத்தாலும், ஏழு வருஷத்தில் சுமார் 10.6 லட்சம் ஆகும். வேலையை விட்டதும் வட்டி நின்றுவிடும் என்று பலர் நினைத்துப் பணத்தை எடுத்துவிடுகிறார்கள். உங்கள் வயதில் அப்படி நிற்காது. 58 வயது வரை கணக்கில் வட்டி ஏறும். வேலையில் இல்லாத காலத்தில் ஏறும் வட்டி வரிக்குரிய வருமானம் ஆகும், அவ்வளவுதான். ஆக, சகலை சொல்லும் டீக்கடைக்கு இன்று நீங்கள் கொடுப்பது 6 லட்சம் இல்லை, 58 வயதில் கையில் இருக்கவேண்டிய பத்தரை லட்சம். 30 வயதுக்காரன் இந்த அளவு இழந்தால் அதைத் திரும்பச் சேர்க்க அவனுக்கு முப்பது வருஷம் இருக்கிறது. உங்களுக்கு இருக்கும் காலத்தில் சேர்க்கவே முடியாது. டீக்கடை கெட்ட தொழில் என்று சொல்லவில்லை. காலை நாலரைக்குப் பால் காய்ச்சி இரவு பத்துக்குக் கடை கட்டும் தொழிலை, அதில் ஒரு நாள்கூட நின்று பார்க்காதவர், இருப்பதில் பெரும்பகுதியைப் போட்டுத் தொடங்கக்கூடாது என்கிறேன்.

அடுத்தது ஓய்வூதியம். பி.எஃப்.போடு சேர்ந்து ஓடும் 1995-ஆம் ஆண்டு பென்ஷன் திட்டத்தைப் பெரும்பாலானோர் கவனிப்பதே இல்லை. கணக்கு எளிது: பென்ஷனுக்கு உரிய சம்பளத்தைச் சேவை வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். அந்தச் சம்பளத்துக்கு 2014 செப்டம்பருக்கு முன் உச்சவரம்பு 6,500. அதற்குப் பிறகு 15,000. உங்கள் முதல் 13 வருஷத்துக்குச் சுமார் 1,200 ரூபாய் வரும், அடுத்த 11 வருஷத்துக்குச் சுமார் 2,350. இருபது வருஷம் தாண்டிய சேவைக்கு இரண்டு வருஷம் கூட்டித் தருவார்கள். எல்லாம் சேர்த்தால், இன்றோடு நிறுத்தினாலும் 58 வயதில் மாதம் 4,000-க்குப் பக்கத்தில் வரும். இன்னும் ஏழு வருஷம் பி.எஃப். உள்ள வேலையில் இருந்தால் 5,500-ஐத் தொடும். பெரிய தொகை இல்லை, விலைவாசிக்கு ஏற்ப ஏறுவதும் இல்லை. ஆனால் சாகும்வரை வரும், உங்களுக்குப் பிறகு மனைவிக்கு ஒரு பகுதி போகும்.

50 தாண்டிவிட்டதால் இப்போதே பென்ஷன் வாங்கலாம் என்று யாராவது சொல்வார்கள். வாங்கலாம்தான். ஆனால் 58-க்கு எத்தனை வருஷம் குறைகிறதோ அத்தனை வருஷத்துக்கும் 4 சதவீத வீதம் வெட்டுவார்கள். உங்கள் வயதில் அது ஏறக்குறைய கால்பங்கு. வெட்டு தற்காலிகமில்லை, ஆயுளுக்கும் அப்படியேதான். 58-இல் வாங்காமல் 60 வரை தள்ளினால் எதிர்ப்பக்கமாக 8 சதவீதம் கூடும்.

இனி, வேலையை விடுவதற்கு முன்னால் இருக்கும் மூன்று மாதத்தில் முடிக்கவேண்டியவை. முதலில் பி.எஃப். தளத்தில் பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர் மூன்றும் ஆதாரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். 2001-இல் கையால் எழுதிய படிவத்தில் இருந்த இனிஷியல் பிழை இன்றும் அப்படியே கிடக்கும். கம்பெனி திறந்திருக்கும்வரை எச்.ஆர். ஒரு கையெழுத்தில் திருத்திவிடுவார். மூடிய பிறகு அந்தக் கையெழுத்துக்கு ஆள் தேடி அலையவேண்டும். சேர்ந்த தேதி பதிவாகியிருக்கிறதா, பென்ஷன் பங்கு எல்லா வருஷமும் கட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

கிராஜுட்டி உங்கள் உரிமை. பேசிக்கும் டி.ஏ.வும் 20,000, சேவை 24 வருஷம். 20,000-ஐ 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, 24-ஆல் பெருக்கினால் சுமார் 2,77,000 வரும். 26-க்குப் பதில் 30-ஆல் வகுத்துக் குறைத்துத் தருவது சில இடங்களில் நடக்கிறது, எனவே கணக்குத் தாளைக் கேட்டு வாங்குங்கள். முப்பது நாளுக்குள் தரவேண்டும், தாமதமானால் வட்டியோடு. வரும் பணத்தில் முதல் செலவு நகைக்கடனை அடைப்பது. கடனுக்குக் கட்டும் வட்டி பி.எஃப். தரும் வட்டியைவிட அதிகமாக இருக்கும்போது அதைவிட நல்ல முதலீடு கிடையாது. மீதி ஒன்றரை லட்சத்துச் சொச்சத்தைத் தனி வங்கிக் கணக்கில் போட்டுவையுங்கள். வேலை தேடும் காலத்துச் சோறு அது. கம்பெனி வேறு ஈட்டுத்தொகை ஏதாவது தந்தால் அதுவும் அதே கணக்கில்.

மூன்றாவது, மருத்துவக் காப்பீடு. கம்பெனியின் குரூப் பாலிசி கடைசி நாளோடு முடியும். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள வழி இருக்கிறது. அப்படி மாறினால் சர்க்கரை, பிரஷர் போன்றவற்றுக்கான காத்திருப்புக் காலத்தில் குரூப் பாலிசியில் கழிந்த வருஷங்களைக் கழித்துக்கொள்வார்கள். இதைக் கடைசி நாளுக்கு ஒரு மாதம் முன்பே எழுதிக் கேட்கவேண்டும். வேலையை விட்டு இரண்டு மாதம் கழித்துப் போய் நின்றால் புது ஆளாகத்தான் பார்ப்பார்கள். புதிதாக எடுக்கும் பாலிசியில் பழைய நோய்களுக்கு மூன்று வருஷம் வரை காத்திருக்க வைப்பார்கள்.

பிள்ளைகள் படிப்புச் செலவு உங்கள் திட்டத்தைக் கவிழ்க்கக்கூடிய பெரிய விஷயம், ஆனால் நீங்கள் நினைப்பதைவிட இதில் வழி இருக்கிறது. மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்தவள் என்றால் தொழிற்கல்விப் படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அவளுக்குப் பொருந்தும். அந்த ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. கலைக்கல்லூரிக்குப் போனாலும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கு வரும். ஆறாம் வகுப்பிலிருந்து படித்ததற்கான சான்றிதழைப் பள்ளியில் இப்போதே வாங்கி வையுங்கள். மகனுடைய மீதி இரண்டு வருஷத்துக்குக் கல்விக்கடன் கேளுங்கள். நான்கு லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கமாட்டார்கள், படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துத்தான் தவணை தொடங்கும். மகன் தலையில் கடன் வைக்கிறோமே என்று மனசு கேட்காது. ஆனால் 23 வயதில் அவன் இரண்டு லட்சத்தை அடைப்பது எளிது. 65 வயதில் பணமில்லாத அப்பாவைத் தாங்குவது அவனுக்கு அதைவிடப் பல மடங்கு பாரம்.

சரி, வேலை. 38,000 திரும்பக் கிடைக்கும் என்று திட்டம் போடாதீர்கள். அந்தச் சம்பளத்தில் பாதி, 24 வருஷம் ஒரே இடத்தில் இருந்ததற்காகக் கிடைத்தது. வெளியே அதற்கு விலை இல்லை. ஆனால் உங்களிடம் இருக்கும் வேறொன்றுக்கு நல்ல விலை இருக்கிறது.

குறிச்சி, கணபதி, அரசூர் பக்கம் பத்து முதல் நாற்பது பேர் வேலை செய்யும் மெஷினிங் ஷாப்புகள் எத்தனையோ இருக்கின்றன. பெரும்பாலும் முதலாளியே மெஷினில் நின்று வளர்ந்தவர். பாகத்தை அருமையாகச் செய்வார். பெரிய கம்பெனியிலிருந்து புது ஆர்டர் வரும்போது பி.பி.ஏ.பி. என்ற பாக ஒப்புதல் கோப்பைக் கேட்பார்கள், அங்கேதான் சிக்கிக்கொள்வார். டிராயிங்கில் பலூன் போட்டு எல்லா அளவுக்கும் ரிப்போர்ட், பிராசஸ் ஃப்ளோ, எஃப்.எம்.இ.ஏ., கன்ட்ரோல் பிளான், அளவுக் கருவி ஆய்வு, பிராசஸ் கேப்பபிலிட்டி என்று பதினெட்டு அம்சம் கொண்ட கோப்பு அது. எழுதத் தெரிந்த ஆள் இல்லாமல், இன்டர்நெட்டில் கிடைத்த பழைய கோப்பில் பெயரை மாற்றி அனுப்புவார்கள், திரும்பி வரும். கன்ட்ரோல் பிளானில் எழுதியிருப்பது ஒன்று, மெஷின் பக்கத்தில் தொங்கும் ஷீட்டில் இருப்பது இன்னொன்று என்று ஆடிட்டில் மாட்டுவார்கள். இந்தக் கோப்பை வாங்கிப் பார்த்துத் திருப்பி அனுப்பும் நாற்காலியில் நீங்கள் வருஷக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதே கோப்பை அந்தப் பக்கத்திலிருந்து தயாரித்துக் கொடுப்பதுதான் உங்கள் அடுத்த பத்து வருஷ வேலை.

இந்த வேலைக்கு உடம்பு சார்ந்த நன்மையும் உண்டு. ஷிஃப்ட் சூப்பர்வைசராக எட்டு மணி நேரம் நின்று, நைட் ஷிஃப்ட் பார்ப்பது 60 வயதில் நடக்காது. கோப்பும் ஆடிட்டும் 65 வரை முடியும். எந்த வேலை வந்தாலும் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இதையே 60 வயதில் செய்வேனா? முடியாதென்றால் அது ஆறு மாதத்துக்கான இடம், பத்து வருஷத்துக்கானது இல்லை.

தேடும் விதம்தான் பலருக்குத் தவறிவிடுகிறது. வேலைவாய்ப்புத் தளங்களில் நூறு இடத்துக்கு அனுப்பினால் வயதைப் பார்த்தே ஒதுக்குவார்கள், மூன்று மாதத்தில் மனசு உடைந்துபோகும். சிறிய ஷாப்பில் எச்.ஆர். கிடையாது, முதலாளிதான் எல்லாம். அவருக்கு உங்கள் வயது பிரச்சினை இல்லை, அடுத்த வாரம் வரப்போகும் ஆடிட்தான் பிரச்சினை. எனவே முப்பது பெயர் எழுதுங்கள். உங்கள் கம்பெனிக்குப் பாகம் கொடுத்த வெண்டர்கள், ஹீட் ட்ரீட்மென்ட், பிளேட்டிங் செய்தவர்கள், கருவிகளை காலிபரேஷனுக்கு எடுத்துப்போகும் லேப் ஆட்கள், உங்கள் கம்பெனிக்கு ஆடிட் வந்த கஸ்டமர் பக்கத்து ஆட்கள். காலிபரேஷன் லேப் ஆள் வாரத்துக்கு இருபது ஷாப் ஏறி இறங்குபவர். எந்த ஷாப்பில் குவாலிட்டி ஆள் வேலையை விட்டுப் போனார் என்பது அவருக்குத்தான் முதலில் தெரியும்.

கையில் ஒரே பக்கத்துக்கு ஒரு தாள் இருந்தால் போதும். "24 வருட அனுபவம், கடின உழைப்பாளி" என்பதெல்லாம் வேண்டாம். என்னென்ன பாகம் பார்த்தீர்கள், வார்ப்பா மெஷினிங்கா ஷீட் மெட்டலா, எந்தக் கருவி கையாளத் தெரியும், சி.எம்.எம். ஓட்டுவீர்களா ரிப்போர்ட் மட்டும் படிப்பீர்களா, எத்தனை கஸ்டமர் ஆடிட்டை எதிர்கொண்டீர்கள், எந்தப் பாகத்தில் ரிஜெக்‌ஷனை எதிலிருந்து எதற்குக் குறைத்தீர்கள் என்று எழுதுங்கள். பழைய கம்பெனியின் டிராயிங், கஸ்டமர் கோப்பு எதையும் பென்டிரைவில் எடுத்து வராதீர்கள். சட்டச் சிக்கல் ஒருபக்கம் இருக்கட்டும், அதைக் காட்டினால் புது முதலாளிக்கு உடனே தோன்றுவது, "நாளைக்கு என் டிராயிங்கும் இப்படித்தானே போகும்" என்பதுதான்.

படிப்புக்குச் செலவு செய்ய வேண்டுமென்றால் ஆட்டோ துறைத் தரநிர்ணயமான ஐ.ஏ.டி.எஃப். 16949-க்கான இன்டர்னல் ஆடிட்டர் பயிற்சி ஒன்று. இரண்டு மூன்று நாளில் முடியும், வெண்டர்களுக்குப் பயிற்சி பெற்ற ஆடிட்டர் காகிதத்தில் தேவை. எக்செலில் தடுமாறுபவர் என்றால் அதற்கு ஒரு மாதம். இதற்கு மேல் ஒரு வருஷ டிப்ளமோ, தபால்வழி எம்.பி.ஏ. எதுவும் வேண்டாம். ஆறு மாதத்துக்குள் போட்ட காசைத் திருப்பித் தராத எந்தப் படிப்பும் உங்கள் காலக்கணக்குக்கு ஒத்துவராது. இன்னொன்று, இன்ஜின் பாகம் மட்டுமே செய்யும் ஷாப்பையும், பம்ப், வால்வு, டெக்ஸ்டைல் மெஷின் பாகம் செய்யும் ஷாப்பையும் எதிரெதிரே வைத்தால் இரண்டாவதை எடுங்கள். எலெக்ட்ரிக் வண்டி வர வர முதலில் அடிவாங்குவது எது என்பது உங்களுக்கே தெரியும்.

வேலை கிடைக்கும்போது சம்பளத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல் இருக்க ஒரு விஷயம் சொல்கிறேன். இரண்டு அழைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று 25,000, பதினைந்து பேர் உள்ள ஷாப், பி.எஃப். கிடையாது. இருபது பேருக்குக் கீழ் இருந்தால் பி.எஃப். கட்டாயமில்லை என்பதால் இது சகஜம். இன்னொன்று 21,000, நாற்பது பேர், பி.எஃப்.பும் இ.எஸ்.ஐ.யும் உண்டு. என் பார்வையில் இரண்டாவதுதான் உங்களுக்கு. 21,000 வரை சம்பளம் உள்ளவருக்கு இ.எஸ்.ஐ. பொருந்தும், உங்கள் கையிலிருந்து போவது 0.75 சதவீதம், மாதம் 158 ரூபாய். மனைவிக்கும், படிக்கும் பிள்ளைக்கு 21 வயது வரையும் மருத்துவம் கிடைக்கும். இதே குடும்பத்துக்குத் தனியாக பாலிசி எடுத்தால் வருஷத்துக்கு இருபதாயிரத்துக்கு மேல் போகும், வயது ஏற ஏற அதுவும் ஏறும். சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் கூட்டத்தில் காத்திருக்க வேண்டும்தான், அதை மறைக்கவில்லை.

இதைவிட முக்கியமான விஷயம் இன்னொன்று இருக்கிறது, பலருக்குத் தெரியாது. குறைந்தது ஐந்து வருஷம் இ.எஸ்.ஐ. பிடித்த வேலையில் இருந்து, ஓய்வு வயதை எட்டி வெளியே வருபவர், வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டித் தனக்கும் மனைவிக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவத்தைத் தொடரலாம். மாதம் 120 இல்லை, வருஷத்துக்கு. 52-இல் சேர்ந்து 58 வரை இருந்தால் இந்தத் தகுதி வந்துவிடும். நடுவில் சம்பளம் 21,000-ஐத் தாண்டினால் வளையத்தைவிட்டு வெளியே போய்விடுவீர்கள். எனவே ஆயிரம் இரண்டாயிரம் உயர்வு பேசும்போது இதையும் தராசில் வையுங்கள். 30,000 தருகிறேன் என்று ஒருவர் பி.எஃப்.போடு கூப்பிட்டால் தாராளமாகப் போகலாம். அந்த வித்தியாசத்தில் பாலிசி எடுத்தாலும் மீதி நிற்கும். 24,000, 25,000 என்ற இடைப்பட்ட அழைப்புகள்தான் ஏமாற்றும்.

புது இடத்தில் சேரும்போது பழைய யூ.ஏ.என். எண்ணையே கொடுங்கள், ஏற்கெனவே பென்ஷன் திட்ட உறுப்பினர் என்று படிவத்தில் குறியுங்கள். அலுவலகத்தில் இருப்பவர் அவசரத்தில் புது எண் போட்டுவிட்டால், பென்ஷன் பங்கு பிடிக்காமலே போய்விடலாம். பேசிக் 15,000 என்றால் முதலாளி பங்கிலிருந்து பென்ஷனுக்கு 1,250 போகவேண்டும். இரண்டாவது மாதம் பாஸ்புக்கில் அந்த எண் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆறு மாதம் கழித்துக் கண்டுபிடித்தால் சரிசெய்வது பெரும்பாடு.

21,000-இல் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் போகக் கைக்கு வரும் சுமார் 19,000-மும் மனைவியின் 5,000-மும் சேர்ந்தால் 24,000. செலவு 34,000. இந்த 10,000-ஐ நிரப்ப வழி, வேறொரு சிறிய ஷாப்புக்குக் கோப்பு வேலை. வீட்டில் உட்கார்ந்து மாதம் ஆறு ஏழு மாலைகளில் கன்ட்ரோல் பிளானைப் புதுப்பிப்பது, பி.பி.ஏ.பி. தயாரிப்பது, ரிஜெக்‌ஷன் வந்தால் கஸ்டமருக்குப் பதில் எழுதுவது. மாதத் தொகையாகப் பேசுங்கள், தினக்கூலி மாதிரிப் பேசினால் ஆடிட் மாதத்தில் மட்டும் கூப்பிட்டு மற்ற மாதம் மறந்துவிடுவார்கள். வேலை பார்க்கும் இடத்து முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்குங்கள், அவருக்குப் போட்டியான ஷாப்பை எடுக்காதீர்கள். மூன்றாம் ஆள் சொல்லி அவருக்குத் தெரியவந்தால் இரண்டும் போகும்.

இதில் வழக்கமாகக் கெடுவது பணம் வசூலாவது. சிறிய ஷாப்புக்கே பெரிய கம்பெனி இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் தருகிறது. உங்கள் பணம் அந்த வரிசையில் கடைசி. மாதம் 5-ஆம் தேதிக்குள் என்று பேசி, இரண்டு மாதம் நிலுவை விழுந்தால் மூன்றாவது மாத வேலையைத் தொடாதீர்கள். முதலாளி எவ்வளவு நல்லவர் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 10 சதவீதம் வரி பிடித்துத் தந்தால் பயப்பட வேண்டாம். உங்கள் வருமானத்துக்கு வரி வராது, கணக்குத் தாக்கல் செய்தால் திரும்பி வரும்.

இப்போது நடுத்துண்டு, 54-க்கு மேல். மகன் படிப்பு முடிந்திருக்கும், மகள் செலவு குறைவு, மகன் வீட்டுக்கு ஏதோ தரத் தொடங்குவான். அப்போது மாதம் 12,000 ஒதுக்க முடியும், ஒதுக்கியே ஆகவேண்டும். கட்டாயப் பிடித்தத்துக்கு மேல் நீங்களாகக் கட்டும் வி.பி.எஃப். என்று எழுதிக்கொடுத்துச் சம்பளத்திலேயே பிடிக்கச் சொல்லுங்கள். பி.எஃப். வட்டியே கிடைக்கும். கைக்கு வராத பணத்தை உறவினரும் கடன் கேட்கமாட்டார்கள்.

8 சதவீத வட்டியில் கூட்டிப் பாருங்கள். 58-இல் பழைய பி.எஃப். 10.6 லட்சம், புது வேலையின் வழக்கமான பிடித்தம் சுமார் 2.5 லட்சம், நான்கு வருஷ வி.பி.எஃப். சுமார் 6.7 லட்சம், எல்லாம் சேர்ந்து 20 லட்சத்துக்குப் பக்கம். 58 முதல் 61 வரை அதைத் தொடாமல், அரை வேலையில் அதே 12,000-ஐச் சேர்த்தால் 30 லட்சத்துக்குப் பக்கத்தில் நிற்கும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் போடக்கூடிய உச்சவரம்பும் 30 லட்சம்தான். 60-க்குப் பிறகு அதில் வைத்தால், அப்போதும் 8 சதவீதம் கிடைக்குமானால், மாதத்துக்கு 20,000. ஓய்வூதியம் 5,500.

கணவன் மனைவி இருவருக்கு மட்டும் இன்று 18,000 போதும் என்றால், விலைவாசி வருஷத்துக்கு 6 சதவீதம் ஏறினால் பத்து வருஷம் கழித்து 32,000 வேண்டும். கிட்டத்தட்ட 6,500 துண்டு விழுகிறது. அதை ஒரே ஒரு ஷாப்பின் கோப்பு வேலையோ தையலோ நிரப்பும். வட்டி வருமானம் ஏறாது, விலை ஏறும் என்பதால் 61-க்குப் பிறகும் நாலைந்து வருஷம் அந்தச் சிறிய வருமானம் தேவை. நடுத்துண்டில் எதுவும் சேர்க்காமல் விட்டால் இதே கணக்கு 16,500-இல் நின்றுவிடும், தேவையில் பாதி.

அந்த நடுத்துண்டை விழுங்கக்கூடியது எது என்று உங்களுக்கும் தெரியும்: மகள் கல்யாணம். 56, 57 வயதில், வி.பி.எஃப்.பில் நாலைந்து லட்சம் தெரியும்போது, ஊரே அதைப் பார்த்துக் கணக்குப் போடும். வீட்டில் இப்போதே பேசி ஒரு எல்லை வையுங்கள். அடகிலிருந்து மீட்கும் நகைதான் அவளுக்கு நகை. மண்டபச் செலவுக்கு மகன் சம்பளத்திலிருந்தும் தையல் வருமானத்திலிருந்தும் தனியாக ஒரு ஆர்.டி. போடுங்கள். பி.எஃப். கணக்கு அந்தப் பேச்சிலேயே வரக்கூடாது.

இது எதுவுமே நடக்காமல், வேலையை விட்டு நான்கு மாதம் ஆகியும் பி.எஃப். உள்ள இடம் கிடைக்கவில்லை என்றால் காத்துக்கொண்டிருக்காதீர்கள். தனிக்கணக்கில் இருக்கும் ஒன்றரை லட்சத்தில் முக்கால்பங்கு அதற்குள் கரைந்திருக்கும், அதுதான் அடையாளம். அப்போது மூன்று சிறிய ஷாப்புகளை எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் வாரம் இரண்டு நாள், ஒவ்வொன்றிலும் மாதம் 9,000, 10,000 என்று பேசினால் செலவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். அந்த வழியில் இ.எஸ்.ஐ. இல்லை என்பதால் குரூப்பிலிருந்து மாற்றிய பாலிசியை விட்டுவிடக்கூடாது, பென்ஷனும் 4,000-இலேயே நிற்கும். மூன்றில் ஒரு ஷாப் வளர்ந்து இருபது பேரைத் தாண்டும்போது, முழுநேர ஆளாக என்னைப் போடுங்கள் என்று நீங்களே கேளுங்கள். உங்கள் வேலையை ஒரு வருஷம் பார்த்த முதலாளியிடம் அதைக் கேட்பது, முன்பின் தெரியாதவரிடம் கேட்பதைவிட எளிது.